மூன்று மாதிரியும் சரி, பிறகு ஏன் ஆறு புள்ளி?

 

கொக்குவிலிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற பெற்றோருக்கும், என்னைப் போல உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் போன கிழமை முழுக்க இந்தக் கதை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓடியதால், பாதியைக் கேட்டவர்கள் மீதியையும் கேட்கட்டும்.

கொக்குவில் சந்தியில் ஒரு தகப்பன் என்னை மறித்தார். கையில் மகனின் விடைத்தாள். "சேர், நீங்கள் குடுத்த மூண்டு உதாரணத்துக்கும் பிள்ளையின்ர புரோகிராம் சரியான விடைதானே தருது? பிறகு என்னத்துக்கு நாலு புள்ளி வெட்டினனீங்கள்? ஒளிச்சு வைச்ச கேள்விக்குப் பிள்ளை எப்பிடிச் சேர் பதில் எழுதுறது?"

அடுத்த நாள் சக ஆசிரியர் ஒருவர் வேறு திசையில் இருந்து வந்தார். "எந்த ரெஸ்ட் பிழைச்சதெண்டு அந்த இலக்கத்தைக் குடுத்துவிடுங்கோவன். பெடியன் திருத்திக்கொண்டு போகட்டும். ஏன் இவ்வளவு வில்லங்கம்?"

இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் பிழை. ஆனால் முதற் பிழையை விட்டவன் நான். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் கேள்வி என்னவென்று பாருங்கள்.

எங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குள் பிறந்த திகதி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய அட்டையில் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான். மற்றபடி இதே முறை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எந்த வருடமானாலும் 29 நாள். லீப் வருடமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே மார்ச் 1 எப்போதும் 061, டிசம்பர் 31 எப்போதும் 366. 1985 மார்ச் முதலாம் திகதி பிறந்தவரை நாட்காட்டியில் எண்ணினால் 60ஆவது நாள், அட்டையில் 061.

தரம் 12 பிள்ளைகளுக்கு நான் கொடுத்த வேலை, வருடத்தையும் அந்த மூன்று இலக்கங்களையும் வாங்கி, பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் அச்சிடும் ஒரு பைதன் செய்நிரல். யாருடைய முழு அட்டை இலக்கமும் வகுப்பில் உலாவக் கூடாது என்பதால் இவ்வளவோடு நிறுத்தினேன். வினாத்தாளின் மூன்றாவது வரியில் "எல்லா வருடங்களுக்கும் பெப்ரவரி 29 நாளாகக் கொள்ளப்படும்" என்று இருந்தது. நான்காவது வரியில் "அப்படியொரு திகதி இல்லையென்றால் INVALID என அச்சிடுக" என்று இருந்தது. பிறகு மூன்று மாதிரிகள்:

```
2007 032  ->  2007-02-01 M
2008 561  ->  2008-03-01 F
2004 366  ->  2004-12-31 M
```

அந்தப் பிள்ளை எழுதியது இது:

```python
from datetime import date, timedelta
y, d = map(int, input().split())
s = "M"
if d > 500:
    d = d - 500
    s = "F"
print(date(y, 1, 1) + timedelta(days=d - 1), s)
```

அழகாக எழுதியிருக்கிறார். பைதனோடு வருகிற நாட்காட்டியைக் கூப்பிட்டு, ஜனவரி முதலாம் திகதியில் இருந்து நாட்களைக் கூட்டுகிறார். மூன்று மாதிரிக்கும் சரியான விடை வருகிறது.

இப்போது 2007 061 என்று கொடுங்கள். விடை 2007 மார்ச் 1 ஆக வேண்டும். இந்தச் செய்நிரல் மார்ச் 2 என்கிறது. 2007 366 கொடுங்கள். 2007 டிசம்பர் 31 வர வேண்டிய இடத்தில் 2008 ஜனவரி 1 வருகிறது. ஒரு நாள் தள்ளியதில் பிறந்த வருடமே மாறிவிட்டது.

காரணம் லேசானது. பைதனின் நாட்காட்டி உண்மையான நாட்காட்டி. 2007இல் பெப்ரவரிக்கு 28 நாள் என்று அதற்குத் தெரியும். அட்டையின் கணக்கோ 29 என்கிறது. ஆகவே லீப் அல்லாத வருடத்தில் பெப்ரவரி தாண்டியவுடன் இரண்டும் ஒரு நாள் விலகிப் போகின்றன. மாதிரிகளைத் திரும்பப் பாருங்கள். முதலாவது பெப்ரவரி 1; விலகல் தொடங்க முன்னமே முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் லீப் வருடங்கள். அங்கே விலகலே இல்லை. மூன்றும் சரியாக வந்ததில் அதிசயம் எதுவும் இல்லை.

அந்தத் தகப்பனிடம் நான் கேட்டேன்: "ஐயா, நாலு புள்ளிதானே பிழை எண்டு நினைக்கிறியள். உண்மையில எத்தனை பேருக்குப் பிழைக்கும், எண்ணிப் பாப்பமா?" லீப் அல்லாத வருடத்தில் மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை 306 நாள். அந்த 306 நாளில் பிறந்த ஒவ்வொருவருக்கும் இந்தச் செய்நிரல் பிழையான திகதி கொடுக்கும். நான்கு வருடத்துக்கு 1461 நாள். அதில் 918 நாள் பிழை. நூறு பேரில் அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று பேரின் பிறந்த நாள் மாறிப்போகும். நான் கொடுத்தது பத்துக்கு ஆறு. மகனுக்கு நான் கூட்டிப் போட்டிருக்கிறேன், குறைத்துப் போடவில்லை.

ஒரு நாள்தானே என்று யாரும் சொல்ல வேண்டாம். இடம்பெயர்ந்து, பத்திரங்களைத் தொலைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்த ஊரவர் நாங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு திகதியும் இன்னொரு கடதாசியில் வேறொரு திகதியும் இருந்தால் எத்தனை தரம் கந்தோர் வாசலில் நிற்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆகவே பெற்றோருக்கு என் முதல் பதில்: மறைத்து வைத்தது கேள்வியை அல்ல. கேள்வி முழுவதும் தாளில் இருந்தது. மறைத்தது, அந்தக் கேள்விக்குச் செய்நிரல் விடை சொல்கிறதா என்று பார்க்கிற சோதனைகளை. மாதிரி என்பது உள்ளீடு எப்படி வரும், விடையை எந்த வடிவத்தில் அச்சிட வேண்டும் என்று காட்டுவதற்கு. பத்துச் சோதனையையும் முன்னமே கொடுத்திருந்தால், பத்து விடையைப் பாடமாக்கி அச்சிடுகிற செய்நிரலுக்கும் முழுப் புள்ளி போட வேண்டி வரும்.

இதில் ஆசிரியர் பக்கத்துக்கு ஒரு கடமை இருக்கிறது. தாளில் எழுதாத ஒன்றை மறைந்த சோதனையில் வைத்தால் அது அநியாயம்தான். பெப்ரவரி 29 என்ற அந்த வரி என் தாளில் இல்லாதிருந்தால், அந்தத் தகப்பன் சொன்னது முழுக்கச் சரி; நான் நான்கு புள்ளியையும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்குப் புள்ளி வெட்டப்பட்டால் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்தச் சோதனை தாளில் எந்த வரியில் இருந்து வந்தது?" அதற்குப் பதில் சொல்ல முடியாத ஆசிரியரோடு தாராளமாகச் சண்டை பிடியுங்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

முதல் தடவை திருத்தும்போது நான் தாளில் எழுதியது இவ்வளவுதான்: "6/10. பிழைத்த சோதனை: 2007 061. வர வேண்டியது 2007-03-01." சக ஆசிரியர் இப்போது சொல்கிற அதே வழி. எனக்கும் அப்போது அது தயவான வழியாகத்தான் தெரிந்தது.

இரண்டு நாளில் பிள்ளை திருத்திக் கொண்டுவந்தார். முதலில் 60ஐத் தாண்டினால் எல்லாவற்றிலும் ஒன்றைக் கழித்துப் பார்த்திருக்கிறார். அப்படிச் செய்ததும் மாதிரியில் இருந்த 2008 561 பிழைத்துவிட்டது. மார்ச் 1க்குப் பதிலாக பெப்ரவரி 29 வந்தது. ஆகவே இப்படி மாற்றியிருக்கிறார்:

```python
if y == 2007 and d > 60:
    d = d - 1
```

2007 என்று நான் எழுதிக் கொடுத்தேன் அல்லவா? அவர் 2007ஐத் திருத்திவிட்டார். மாதிரி மூன்றும் சரி. என் சோதனைகளில் இரண்டு 2007ஆம் வருடத்து மார்ச்சுக்குப் பிந்திய திகதிகள் என்பதால், புள்ளி ஆறில் இருந்து எட்டுக்கு ஏறியது. 2010 700 அப்போதும் பிழைத்தது. 2007 560 என்பதற்கு, இல்லாத ஒரு பெப்ரவரி 29க்கு, மார்ச் 1 என்ற திகதியைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. பிள்ளை சந்தோசமாக எட்டை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு விளங்கியதில் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. புள்ளி மட்டும் மாறியது.

இதில் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். நான் அவரிடம் ஓர் இலக்கத்தைக் கொடுத்தேன், அவர் அந்த இலக்கத்தைச் சரிப்படுத்தினார். என் குறிப்பு கேட்டதைத்தான் அவர் செய்தார். பிழைத்த சோதனையைத் தூக்கிக் கொடுப்பது உதவி மாதிரித் தெரியும். உண்மையில் அது பிள்ளை தேட வேண்டியதை நாங்களே தேடி எடுத்துவிட்டு, தேடியதன் பலனையும் எடுத்துக்கொள்வது.

மற்றப் பக்கத்து ஆசிரியர்களும் இருக்கிறார்கள். "பிழை. மீண்டும் முயற்சிக்க" என்று ஒரு வரி எழுதிச் சிவப்புப் பேனையை மூடிவிடுவார்கள். கேட்டால் இணையப் போட்டித் தளங்களைக் காட்டுவார்கள். அங்கேயும் `Wrong answer on test 5` என்று மட்டும்தானே வருகிறது என்பார்கள். உண்மை. ஆனால் அது போட்டி. அங்கே யார் முந்தியவர் என்று பார்க்கத்தான் பத்துப் பேரை நிறுத்தியிருக்கிறார்கள். இயந்திரத்துக்குப் படிப்பிக்கிற கடமை இல்லை. எங்களுக்குச் சம்பளம் தருவதே அந்தக் கடமைக்குத்தான். இயந்திரம் சொல்லக்கூடியதை மட்டும் சொல்வதென்றால் அந்தத் தாளுக்கு ஆசிரியர் எதற்கு?

சோதனையை மறைக்கலாம். பிழையின் காரணத்துக்குப் போகிற வழியை மறைக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் தடவை நான் எழுதிய குறிப்பை அப்படியே கீழே தருகிறேன். வீட்டாரிடமும் பிள்ளையிடமும் கேட்டுத்தான் போடுகிறேன்.

"தம்பி, 500ஐக் கழித்துப் பெண்ணைப் பிரித்த பகுதி சரி. அதைத் தொட வேண்டாம்.

உமது கடைசி வரி ஒரு விடயத்தை நம்பியிருக்கிறது: அட்டையில் உள்ள நாள் இலக்கமும் நாட்காட்டியில் உள்ள நாள் இலக்கமும் ஒன்றே என்று. வினாவின் மூன்றாவது வரியைத் திரும்ப வாசியும். அந்த வரி உமது செய்நிரலில் எந்த இடத்தில் இருக்கிறது? விரலை வைத்துக் காட்ட முடியுமா?

கொப்பியில் ஓர் அட்டவணை போடும். ஜனவரி 1, பெப்ரவரி 28, மார்ச் 1, டிசம்பர் 31 ஆகிய நான்கு நாட்களுக்கும் அட்டை இலக்கம் என்னவென்று கையால் எண்ணி எழுதும். ஒருமுறை லீப் வருடம் ஒன்றுக்கு, ஒருமுறை லீப் அல்லாத வருடம் ஒன்றுக்கு. மொத்தம் எட்டு வரி. கணினியைத் திறக்க முன் இதை முடியும். பிறகு எட்டையும் உமது செய்நிரலுக்குக் கொடுத்து, எந்த வரிகளில் விடை மாறுகிறது என்று குறியும்.

இன்னுமொன்று. உமது செய்நிரல் எந்த இலக்கத்தைக் கொடுத்தாலும் ஒரு திகதியை அச்சிடுகிறது. திகதியே இல்லாத இலக்கங்கள் எவை? குறைந்தது இரண்டு வகை உண்டு.

2007 என்று எழுதிய வரியை அழித்துவிடும். அதை எழுத வைத்தது நான் கொடுத்த குறிப்பு. பிழை என்னுடையது."

இந்தக் குறிப்பில் மறைந்த சோதனை ஒன்றுகூட இல்லை. விடையும் இல்லை. இருப்பது மூன்றே சங்கதி. எது சரி என்பது முதலாவது. இல்லாவிட்டால் பிள்ளை சரியானதையும் சேர்த்துக் கிளறிவிடும். செய்நிரல் தனக்குள் எதை நம்பியிருக்கிறது என்பது இரண்டாவது. அந்த நம்பிக்கை உடைகிற உள்ளீட்டைப் பிள்ளை தானே செய்துபார்க்கிற வேலை மூன்றாவது.

பிள்ளை எட்டு வரியையும் எழுதினார். லீப் வருடத்துக்கு 001, 059, 061, 366. மற்ற வருடத்துக்கும் 001, 059, 061, 366. "சேர், ரெண்டு பக்கமும் ஒரே இலக்கம்தான் வருது" என்று வந்து நின்றார். "அப்ப லீப் வருசத்தைப் பாக்கவே தேவையில்லையே?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் அது பாடம். அவர் கேட்டதால் அது அவருடையது.

அவர் நாட்காட்டியையே கைவிட்டுவிட்டார். 31, 29, 31, 30 என்று பன்னிரண்டு எண்களை ஒரு பட்டியலில் போட்டு, நாள் இலக்கத்தில் இருந்து மாதம் மாதமாகக் கழித்துக்கொண்டு போனார். 366 என்றால் நவம்பர் வரைக்கும் 335 கழியும், மிச்சம் 31, டிசம்பர் 31. எந்த வருடமும் ஒன்றுதான். பிறகு ஒரு நாள் கழித்து இன்னொன்றைக் கண்டுபிடித்தார்: லீப் அல்லாத வருடத்தில் 060 வந்தால் பட்டியல் பெப்ரவரி 29 என்று சொல்லும், அந்த நாளோ இல்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் லீப் வருடத்தைப் பார்த்து INVALID போட வேண்டும். 000ஐயும், 366க்கும் 501க்கும் இடையில் வருகிறவற்றையும், 866க்கு மேலே போகிறவற்றையும் தள்ளிவிட்டார். பத்துக்குப் பத்து. அந்தப் பத்தை நான் போட முன்னமே அவருக்குத் தெரிந்திருந்தது.

"இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான நுணுக்கம், பெரிய இடங்களில் இப்படி நடக்காது" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். 2008 டிசம்பர் 31ஆம் திகதி மைக்ரோசொவ்ட்டின் சூன் என்ற பாட்டுக் கேட்கிற கருவிகளில் 30 ஜிபி வகை உலகெங்கும் ஒன்றாக நின்றுபோயின. உள்ளே இருந்த கடிகாரச் செய்நிரல், நாட்களில் இருந்து வருடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுற்றுக்குள் ஓடும். நாள் 365க்குக் கூட இருக்கும்வரை சுற்று நிற்காது. லீப் வருடமென்றால், நாள் 366க்கும் கூடினால் மட்டும் 366ஐக் கழிக்கும். சரியாக 366 வந்தால்? கழிக்கவும் மாட்டாது, சுற்றை விட்டு வெளியேறவும் மாட்டாது. 2008இன் கடைசி நாள் 366ஆவது நாள். கருவி அந்தச் சுற்றுக்குள்ளேயே கிடந்தது. ஜனவரி 1 பிறந்ததும் பிழை தானாகவே மறைந்தது. எங்கள் பிள்ளை விட்ட பிழையின் கூடப்பிறந்த பிழை அது; அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் சரியான விடை சொல்லிக்கொண்டிருந்த செய்நிரல்.

கடைசியாக, சக ஆசிரியர்கள் சொல்லப்போகிற ஒன்று எனக்குத் தெரியும். "முப்பது பிள்ளைக்கு இப்பிடிக் கடிதம் எழுத நேரம் ஆருக்கு இருக்கு?" எனக்கும் இல்லை. ஆனால் முப்பது பிள்ளைகள் முப்பது விதமாகப் பிழை விடுவதில்லை. என் வகுப்பில் வந்த பிழைகள் மூன்றே வகை: நாட்காட்டியை நம்பியது, INVALIDஐ மறந்தது, 500ஐக் கழிக்கிற இடத்தில் எல்லையைப் பிழைவிட்டது. மூன்று குறிப்பு எழுதினேன். தாளுக்குத் தாள் பிள்ளையின் எந்த வரி என்பதை மட்டும் மாற்றினேன். ஒரு சனிக்கிழமைக் காலை போதும். கடைசி ஒப்படைப்பு முடிந்ததும் பத்துச் சோதனையையும் வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. வருகிற வருடம் புது இலக்கம் போட வேண்டியதுதான்.

அந்தத் தகப்பனுக்கும் ஒரு வேண்டுகோள். மகன் அடுத்த முறை வந்து "எல்லா மாதிரியும் சரி" என்றால், "எந்த இலக்கத்தைக் குடுத்தால் பிழைக்கும் எண்டு தேடினியோ?" என்று ஒரு தரம் கேளுங்கள். அவ்வளவு போதும்.

விரும்பினால் உங்கள் அட்டையை எடுத்து நீங்களும் எண்ணிப் பாருங்கள். பெண்கள் 500ஐக் கழித்துவிட்டு எண்ணுங்கள். பெப்ரவரிக்கு 29. சரியாக வரும். ஆனால் தயவுசெய்து இலக்கத்தைக் கொண்டுவந்து கீழே கொமன்றில் போட்டுவிடாதீர்கள்.